மொட்டாகக் கட்டி மலராகச் சூட: கோலாலம்பூர் நாட்குறிப்பு

வியாழன்

கோலாலம்பூரில் பொழுது தாமதமாகத்தான் விடிகிறது. தீபகற்ப மலேசியா 1982-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் தேதி தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது; அதனால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் எழுகிறது. ஐந்து மணிக்கு நான் ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலைக்கு வந்தபோது தெருவிளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. 1873-இல் தொடங்கப்பட்ட மகா மாரியம்மன் கோயில் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதும் இங்கிருந்துதான். கோயிலை ஒட்டி வரிசையாகப் பூக்கடைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் அந்நேரத்துக்கே வேலை தொடங்கியிருந்தது.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு முக்காலியில் அமர்ந்து, மடியில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் மல்லிகை மொட்டுகளைக் குவித்து வைத்திருந்தார். நான் நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் என்று சொன்னதும், முதலில் என்னை நம்பாதவரைப் போலப் பார்த்துவிட்டு, குவியலிலிருந்து ஒரு மொட்டை எடுத்து நீட்டி, "சொல்லுங்க தம்பி, இது எப்பப் பறிச்சது?" என்று கேட்டார்.

மொட்டு கெட்டியாக இருந்தது. இதழ்கள் முறுக்கிய நிலையில் இறுக மூடியிருந்தன. ஆனால் குழல், பச்சைப் புல்லிக்குள் இறங்கும் இடத்தில் வெண்மை சற்றே மங்கி, தந்த நிறத்துக்கு வந்திருந்தது. நேற்று விடியற்காலையில் பறித்தது என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்து, பக்கத்திலிருந்த இன்னொரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வரவேற்பு அதுதான்.

வெள்ளி

வெள்ளிக்கிழமை கோயில் நாள் ஆகையால், வழக்கத்தைவிட அதிகமாகப் பூ வேண்டும். அவர் நாலரை மணிக்கே உட்கார்ந்துவிட்டார்.

குண்டுமல்லியின் இயல்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் அவருடைய கைகள் செய்வது விளங்கும். மல்லி மாலையில் மலரும் பூ. அன்று மாலை விரியவேண்டிய மொட்டை அன்று விடிவதற்கு முன்பே பறித்துவிடுவார்கள். வெயில் ஏற ஏற மொட்டு இளகிவிடும் என்பதால் எங்கள் ஊரில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிப்பவர்களும் உண்டு. மூடிய மொட்டில் மணம் மிகக் குறைவு. விரியும்போதுதான் பூ தன் வாசனையை உண்டாக்கி வெளியிடுகிறது. செடியிலிருந்து பிரித்த பிறகும் அது நிற்பதில்லை. ஆகவே மல்லி விற்பவர், உண்மையில், இன்னும் நடக்காத ஒன்றைத்தான் விற்கிறார். வாங்குபவர் தலையில் வைத்தபின் அது விரியவேண்டும். அதற்கு முன்பே விரிந்துவிட்டால் கடையிலேயே பழுப்பேறிப்போகும்.

இந்தக் கணக்கை மதுரைச் சந்தையில் போடுவதற்கும் இங்கே போடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நிலக்கோட்டையில் காலை ஐந்து மணிக்குப் பறித்த மொட்டு, மலேசிய நேரப்படி ஏழரைக்குப் பறித்தது. அது சந்தையில் ஏலம் போய், பனிக்கட்டிப் பைகளோடு தெர்மோகோல் பெட்டியில் அடைக்கப்பட்டு, விமானத்தில் ஏறி, இரவில் இவரிடம் வந்து சேருகிறது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் அதைத் தொடுக்கத் தொடங்கும்போது இருபத்தொன்றரை மணி நேரம் கழிந்திருக்கிறது. அன்று மாலை ஆறு மணிக்கு ஒரு பெண் அதைச் சூடும்போது முப்பத்து நாலரை மணி நேரம். செடியில் இருந்திருந்தால் முதல் நாள் மாலையே விரிந்து முடிந்திருக்கும் பூவை, குளிரால் ஒரு நாள் நிறுத்திவைத்து, இரண்டாம் நாள் மாலையில் விரியச் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து வெளிக்காற்றில் வைத்த கணத்திலிருந்து நிறுத்திவைத்த கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. அதனால்தான் அவர் ஒரே பெட்டியை முழுவதுமாகக் கொட்டுவதில்லை. இரண்டு கைப்பிடி எடுப்பார், மூடிவிடுவார், அது தீர்ந்தபின் மீண்டும் இரண்டு கைப்பிடி.

இனி அந்த விரல்கள். பருத்தி நூலின் ஒரு முனையை மேசையின் ஓரத்தில் அடித்த ஆணியில் முடிந்திருக்கிறார். நூல் நனைந்திருக்கும், உலர்ந்த நூல் காம்பை அறுக்கும், முடிச்சும் வழுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். இடக்கையின் ஆள்காட்டி விரல் மேல் நூலை ஓடவிட்டு, அதன்மேல் இரண்டு மொட்டுகளைத் தலை இடப்பக்கம் பார்க்க வைக்கிறார். அடுத்த இரண்டைத் தலை வலப்பக்கம் பார்க்க, காம்புகள் முதல் இரண்டின் காம்புகளைக் குறுக்கே கடக்கும்படி வைத்து, அந்தக் குறுக்கை இடக்கைக் கட்டை விரலால் அழுத்திக்கொள்கிறார். வலக்கை நூலைக் காம்புகளைச் சுற்றி ஒருமுறை கொண்டுவந்து, ஆள்காட்டி விரலிலேயே ஒரு சுருக்கை முறுக்கி, நான்கு காம்புகளுக்கும் மேலாக மாட்டி இழுக்கிறது. அவ்வளவுதான் ஒரு கண்ணி. அடுத்த நான்கு மொட்டுகள் இந்த முடிச்சின்மேல் படிந்து அதை மறைத்துவிடுவதால், முடிந்த சரத்தில் நூல் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

நான் எண்ணிப் பார்த்த ஒரு முழத்தில் நாற்பத்தைந்து கண்ணிகள் இருந்தன; அதாவது நூற்றெண்பது மொட்டுகள். அதைக் கட்ட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. கண் நூலில் இருக்கவில்லை. சாலையையும், வருகிறவர்களையும், எதிரே கோயிலுக்கு வண்டியில் இறங்கும் வாழைத்தார்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் விரல்கள் மொட்டை எடுக்கும்போதே அதைச் சோதித்துவிடுகின்றன: கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே ஒருமுறை உருளும், மெத்தென்று இருந்தால் தனிக் கிண்ணத்தில் விழும், கெட்டியாக இருந்தால் நூலுக்குப் போகும். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் நூல் ஓடி ஓடிப் பதிந்த ஒரு பள்ளம் இருக்கிறது. தோல் அங்கே பளபளப்பாக, ரேகையே இல்லாமல் இருக்கிறது.

முடிச்சு எங்கே விழவேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம் என்று நினைக்கிறேன். வெள்ளைக் குழலின் மேல் விழுந்தால் அது நசுங்கி, ஒரு மணி நேரத்தில் பழுப்பு வளையம் தோன்றிவிடும். அங்கிருந்து நிறம் இதழ் வரை ஏறும். மிகக் கீழே, காம்பின் நுனியில் விழுந்தால் மொட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். குழல் புல்லிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பச்சையின் மேல் விழவேண்டும். அந்த இடம் ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. இறுக்கமும் அப்படித்தான். மூடிய மொட்டாக இருக்கும்போது நான்கும் ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கும். மாலையில் ஒவ்வொன்றும் விரிந்து பல மடங்கு இடம் கேட்கும்போது, மிக நெருக்கமான சரத்தில் பூக்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். வெள்ளைப் பகுதி புல்லியிலிருந்து கழன்று உதிரும். ஆகவே நெருக்கமாகத் தெரியவும் வேண்டும், விரிய இடமும் வேண்டும். அவர் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து முடித்தபின் கட்டை விரல் நகத்தால் ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளுவதை நான் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த இழைதான் மாலை ஆறு மணிக்கு விரியும் பூவுக்கு அவர் விட்டுவைக்கும் இடம்.

இடைவெளியைக் கூட்டி முப்பது கண்ணியிலேயே ஒரு முழத்தை முடிப்பவர்களும் எங்கும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. சரத்தைப் படுக்கையாகப் பார்க்காமல், ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். கண்ணிகளுக்கு நடுவே நூல் வெளியே தெரியும்.

சனி

இன்றைக்கு வெளிச்சத்தைப் பற்றி எழுதவேண்டும், ஏனென்றால் ஒரு கல்யாண வேலையின் பாதி அதிலேயே அடங்கியிருந்தது.

தெருவிளக்கின் மஞ்சளில் எல்லா மொட்டும் ஒரே நிறம். இளமஞ்சளாக மாறத் தொடங்கியதும் புதியதும் அருகருகே இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கடையின் கூரையில் ஒரு வெள்ளைக் குழல்விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறார். அதிலும் முழு நம்பிக்கை இல்லை. அந்த விளக்கில் பழுப்பு தெரிந்துவிடும், ஆனால் பனிக்கட்டி பட்ட மொட்டு தெரியாது என்றார். பெட்டிக்குள் பனிக்கட்டிப் பையை நேராகத் தொட்டுக்கொண்டிருந்த மொட்டுகளின் இதழில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் புள்ளிகள் விழுந்திருக்கும். அவை விரியாது, வெயில் ஏறியதும் ஈரமாகித் துவண்டுவிடும். பகல் வெளிச்சம் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்று காலை பத்து மணி முகூர்த்தத்துக்கு ஒரு மணப்பெண்ணின் சடைக்குப் பூ கேட்டிருந்தார்கள். பத்து மணிக்குப் பூ பாதியாவது விரிந்திருக்கவேண்டும். பகலில் மூடிய மொட்டாக இருந்தால் புகைப்படத்தில் அரிசி ஒட்டியதுபோல் இருக்கும் என்று பெண்ணின் அத்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாலைக்கு நிறுத்திவைத்த பூவை ஏழெட்டு மணி நேரம் முன்னதாக எழுப்பவேண்டிய வேலை இது.

நேற்றிரவு ஒன்பது மணிக்கே அதற்கு வேண்டிய மொட்டைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார். மூங்கில் கூடையின் அடியில் வாழையிலை, அதன்மேல் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அதன்மேல் ஒரு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்பிய மொட்டு, மேலே மீண்டும் துணி. குவித்து வைத்தால் நடுவில் சூடேறி அங்கே மட்டும் முன்பே விரிந்துவிடும் என்பதால் பரப்பி வைக்கிறார். பிளாஸ்டிக் பையால் ஏன் மூடுவதில்லை என்று கேட்டேன். பை வியர்க்கும், வியர்த்த நீர் சொட்டாகப் பூவின்மேல் விழும், சொட்டு நின்ற இதழ் பழுத்துவிடும் என்றார். தண்ணீரைப் பூவின்மேல் தெளிப்பதும் அவருக்குப் பிடிக்காது. துணிதான் ஈரமாக இருக்கவேண்டும். பூ அந்த ஈரத்தின் அருகே இருந்தால் போதும்.

ஐந்தரைக்குக் கூடையைத் திறந்தார். அந்த மணத்தைக் கொண்டே வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து விளக்கடியில் பார்த்தார்: முறுக்குத் தளர்ந்து, இதழ்களின் நுனி மட்டும் பிரிந்திருந்தது. இந்த நிலையில் உள்ள மொட்டைத்தான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆனால் நூலைத் தொடாமல், முதலில் மற்றக் கடைகளுக்குப் போகவேண்டிய சாதாரணச் சரங்களைக் கட்டி முடித்தார்.

ஏழே கால் வாக்கில் கோபுரத்தின் உச்சிக் கலசங்களில் வெளிச்சம் பட்டது. தெருவுக்கு அது இறங்கச் சிறிது நேரமாயிற்று. முதலில் எதிர்ப்பக்கத்துக் கட்டடங்களின் மேல்மாடிச் சன்னல்கள், பிறகு கடைகளின் தார்ப்பாய்க் கூரை, பிறகு அதன் கீழே நீலம் கலந்த ஒரு சாம்பல் ஒளி. அப்போது அவர் கூடையைக் கடையின் முன்விளிம்புக்கு இழுத்து, துணியை முழுவதும் எடுத்துவிட்டார். விளக்கில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தவை இப்போது மூன்றாகப் பிரிந்தன: பால் வெள்ளை, தந்தத்தின் மங்கல், ஓரம் ஊடுருவித் தெரியும் சில. மங்கலானவற்றை உதிரிப்பூக் கிண்ணத்துக்கும் கண்ணாடி விழுந்தவற்றைக் குப்பைக்கும் தள்ளினார். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போயிற்று. அந்த இழப்பை விலையில் முன்பே சேர்த்துத்தான் சொல்லியிருப்பதாக, நான் கேட்காமலே சொன்னார். நேர்மையான கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

பாதி விரிந்த பூவைக் கட்டுவது வேறு கைப்பழக்கம். இதழ்கள் விரலில் படக்கூடாது. பட்ட இடம் பழுக்கும். எனவே புல்லியை மட்டும் பிடித்து எடுக்கிறார். ஒரு கண்ணிக்கு நான்குக்குப் பதிலாக மூன்று பூ. இடைவெளியும் கூடுதல். ஒரு முழத்தில் முப்பத்தெட்டுக் கண்ணிகள் இருந்தன. நூற்றுப் பதினான்கு பூக்கள். வழக்கமான முழத்தைவிட அறுபத்தாறு குறைவு, ஆனால் பார்வைக்கு அது நிறைந்து தெரிந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஏற்கெனவே தன் இடத்தைப் பாதி எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டி முடித்த ஒவ்வொரு சரத்தையும் ஒரு முனையில் பிடித்து இரண்டு முறை உதறினார். முதல் சரத்தில் இரண்டு பூ விழுந்தன. அந்த இடத்துக் கண்ணியைப் பிரித்து, நான் இனி போதும் என்று நினைத்த பிறகும் மறுபடி கட்டினார்.

எட்டரைக்குப் பெண்ணின் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். கார்க் குளிர்சாதனத்தின் காற்று நேரே படும்படி முன்னால் வைக்கவேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார். ஈரமில்லாத காற்று இதழின் ஓரத்தைச் சுருட்டிவிடும்.

ஞாயிறு

மழை. வேலை குறைவு, பேச்சு அதிகம்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் பனியால் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது இங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கேமரன் மலையிலிருந்து வரும் சாமந்தியும் உள்ளூர் ஆர்க்கிட்டும் மாலைக்கு உதவும், ஆனால் தலைக்கு வைக்கும் சரத்துக்கு மல்லியைத் தவிர யாரும் வேறு கேட்பதில்லை என்றார். அந்த மாதங்களில் முழம் கேட்பவர்களுக்கு அரை முழம் கட்டித் தருவார், இடைவெளியை மட்டும் கூட்டமாட்டார்.

பிறகு பேச்சு வாழைநாருக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் நாரில் கட்டிய சரத்துக்குத்தான் மதிப்பு. நார் பட்டையானது, நூலைப்போலக் காம்பில் கத்தியாக இறங்காமல் பரவி அணைத்துக்கொள்ளும். நனைத்த நார் தன்னிடமுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உலர உலர முடிச்சு தானாகவே இறுகும். அவருடைய தாயார் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் நின்ற வாழையிலிருந்து நார் எடுத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறாராம். தான் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து நூல்தான் என்றார். ஒரு கண்ணிக்கு நகத்தால் பின்னுக்குத் தள்ளும் அந்த மயிரிழைப் பழக்கம்கூட, நூல் உலர்ந்தாலும் இறுகாது என்பதால் முதலிலேயே சரியான அளவில் விடவேண்டியிருப்பதால் வந்தது என்று விளக்கினார். நாராக இருந்தால் இன்னும் தளர்வாக விடவேண்டும், இறுக்குவதை அது பார்த்துக்கொள்ளும்.

கோயிலில் தோரணம் கட்டிவிட்டு ஓரமாகப் போட்டிருந்த வாழைமரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வெளிப்பட்டையை உரித்து, ஒரு கீற்றைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். முதல் கண்ணி நின்றது. இரண்டாவதை இழுக்கும்போது கீற்று அறுந்தது. பச்சைப் பட்டையில் நீர்தான் அதிகம், வலு இல்லை. நிழலில் சில நாள் காயவிட்டு, வேண்டியபோது மட்டும் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கிழிக்கவேண்டும். வெயிலில் காய்ந்தால் நொறுங்கும். உரித்த பட்டைகளைக் கடையின் பின்பக்கக் கம்பியில், மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து, அவரே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். இந்த ஊர் ஈரக்காற்றில் காய்வதற்கு எங்கள் ஊரைவிட இரண்டு மடங்கு நாளாகலாம், நடுவில் கரும்பூஞ்சை பிடித்தால் அந்தப் பட்டையை எறிந்துவிடவேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

நாளை மதியம் நான் ஈப்போவுக்குப் புறப்படுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்துவிட்டால் நாரில் ஒரு முழமும் நூலில் ஒரு முழமும் ஒரே பெட்டி மொட்டில் கட்டி, இரண்டையும் மாலை வரை கடையிலேயே தொங்கவிட்டு, எதில் அதிகம் உதிர்கிறது என்று எண்ணிச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கைப்பேசி எண்ணை மகளிடம் சொல்லி எழுதிக் கொடுத்தார்.